லோன், லாட்டரி, அப்பா: ஓபிடி முடியறதுக்குள்ள ஊர் திரும்பறதா?

"வயசு 27, ஒரே பையன், வீடு சென்னை ஆதம்பாக்கம். 2022 ஆகஸ்ட்ல எம்எஸ் படிக்க வந்தேன், இப்ப டாலஸ்ல வேலை, வருஷத்துக்கு 95,000 டாலர். இந்த மார்ச் எச்1பி வேலை விசா லாட்டரிலயும் வரல, இது ரெண்டாவது தடவை. படிப்பு முடிச்சவங்கள வேலை பாக்க விடற ஸ்டெம் ஓபிடி 2027 ஜூன் வரைக்கும் இருக்கு. லோன் இன்னும் 28 லட்சம் பாக்கி, வட்டி 10.5, வீட்டுப் பத்திரம் பேங்க்ல. கைல 11,000 டாலர் இருக்கு. அப்பாவுக்கு 66, போன வருஷம் பைபாஸ் ஆச்சு. எங்க கம்பெனிக்கு சென்னைலயும் ஆபிஸ் இருக்கு, மாத்திட்டுப் போனா 24 லட்சம் சிடிசின்னு சொல்றாங்க. இப்பவே கிளம்பவா, இல்ல இருந்து பாக்கவா?"

தம்பி, நான் நியூ ஜெர்சில ஏழு வருஷம் இருந்துட்டு 2019ல சென்னை வந்தவ, இப்ப ஓஎம்ஆர்ல வேலை, அதுக்கப்புறம் எங்க ஆபிஸ்லயும் சொந்தத்துலயும் நிறைய பேருக்கு உக்காந்து இந்தக் கணக்கப் போட்டுக் குடுத்திருக்கேன். உங்க விஷயத்துல போகணுமா வேணாமான்றத விட எந்த மாசம் கிளம்பறதுன்றதுதான் முக்கியம்னு எனக்குத் தோணுது, ஏன்னா இப்ப கிளம்பறதுக்கும் அடுத்த வருஷம் ஜூன்ல கிளம்பறதுக்கும் நடுவுல உங்க வீட்டுப் பத்திரமே இருக்கு.

மொதல்ல சம்பளம். 95,000த்த 90ஆல பெருக்கி 85 லட்சம்னு பாக்காதீங்க, 24 லட்சத்த 12ஆல வகுத்து மாசம் 2 லட்சம்னும் பாக்காதீங்க, ரெண்டுமே தப்பு. மாசக் கடைசில கைல என்ன மிஞ்சுதுன்னு மட்டும் பாருங்க.

டெக்சஸ்ல மாநில வருமான வரி கிடையாது. நீங்க எஃப்1 மாணவர் விசால இருக்கறதால மொத அஞ்சு காலண்டர் வருஷத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமும் கிடையாது. இந்தியா அமெரிக்கா வரி ஒப்பந்தத்துல இந்திய மாணவர்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் எடுத்துக்க இடம் இருக்கு, மத்த நாட்டுப் பசங்களுக்குப் பொதுவா அது இல்ல. போன வருஷம் ரிட்டர்ன்ல அத எடுத்தீங்களான்னு ஒரு தடவை திறந்து பாருங்க, விட்டிருந்தா திருத்தி ஃபைல் பண்ணலாம். 2025 ரேட்டுல 15,750 டாலர் கழிச்சா உங்களுக்கு ஃபெடரல் வரி சுமார் 12,350 டாலர் வரும். ஆக மாசம் 6,900 கிட்ட கைக்கு வரும். ரூம்மேட்டோட வாடகை, கார், இன்சூரன்ஸ், மளிகை, ஃபோன், வெளிய சாப்பாடு எல்லாம் சேத்து 3,000 - 3,200 ஆகுதுன்னு வச்சா 3,700 மிஞ்சும். கணக்கு சுலபமா இருக்க டாலர் 90 ரூபான்னு வச்சுக்கறேன், 3.3 லட்சம். (நீங்க வந்தது 2022, அதனால 2026ஓட அந்த அஞ்சு வருஷம் முடிஞ்சிடுது. 2027 ஜனவரிலருந்து 7.65 சதவீதம் பிடிக்க ஆரம்பிக்கலாம், மாசம் 600 டாலர், பேரோல்ல முன்னாடியே கேட்டு வைங்க. சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனுக்கு பொதுவா பத்து வருஷம் பிடித்தம் இருக்கணும், இந்தியாவோட அதுக்கு ஒப்பந்தம் எதுவும் இல்ல, அதனால ரெண்டு மூணு வருஷத்துல திரும்பறவங்களுக்கு அந்தப் பணம் போனதுதான்.)

இப்ப சென்னை. 24 லட்சம் சிடிசில என்னென்ன இருக்குன்னு பிரேக்கப் கேட்டு வாங்குங்க, வாங்காம சரின்னு சொல்லிடாதீங்க. வழக்கமா வர்ற மாதிரி வேரியபிள் 2.4 லட்சம், பேசிக் 10 லட்சம், அதுல கம்பெனி போடற பிஎஃப் 1.2 லட்சம், கிராஜுவிட்டி 48 ஆயிரம்னு வச்சா உண்மையான மாசச் சம்பளக் கணக்கு வருஷத்துக்கு 19.9 லட்சம்தான். கிராஜுவிட்டி பொதுவா அஞ்சு வருஷம் இருந்தாதான் கைக்கு வரும், வேரியபிள் வருஷக் கடைசில மேனேஜர் மனசப் பொறுத்தது. புது வரி முறைல உங்களுக்கு வருமான வரி 1.9 லட்சம், உங்க பங்கு பிஎஃப் இன்னொரு 1.2 லட்சம், ஆக மாசம் 1.4 லட்சம் கைக்கு வரும். நான் வந்த வருஷம் எனக்கு இந்த வேரியபிள்தான் வலிச்சுது, ஆஃபர் லெட்டர்ல இருந்த தொகைல பாதிகூட மொத வருஷம் வரல, கேட்டப்ப நீங்க நடு வருஷத்துல சேந்தீங்கன்னு சொன்னாங்க. அதனால பேரம் பேசும்போது மொத்தத்த ஏத்தறத விட வேரியபிளக் குறைச்சு ஃபிக்ஸட்ல சேக்கச் சொல்லுங்க, மொத வருஷத்துக்கு வேரியபிள் உறுதின்னு எழுதி வாங்குங்க. 24க்கு 24ஆவே இருந்தாலும் அது ஒரு நல்ல மாத்தம்.

இந்த 1.4 லட்சத்துல லோன் எங்க போகுதுன்னு பாருங்க. 28 லட்சம், 10.5 வட்டி, எட்டு வருஷத்துக்குக் கட்டினா மாசம் 43,000 ஈஎம்ஐ. மொத்தமா 41.5 லட்சம் கட்டுவீங்க, அதுல 13.5 லட்சம் வெறும் வட்டி. எஜுகேஷன் லோன் வட்டிக்கு 80இன்னு ஒரு வரிச்சலுகை உண்டுன்னு யாராவது சொல்வாங்க, அது பழைய வரி முறைல இருந்தாதான், புதுசுல கிடையாது. அதே 28 லட்சத்த டாலஸ்ல இருந்துட்டு மாசம் 3.3 லட்சமா அடிச்சா ஒம்பது மாசத்துல முடிஞ்சிரும், வட்டி ஒண்ணே கால் லட்சத்தத் தாண்டாது. இந்த மே மாசம் ஆரம்பிச்சா 2027 ஜனவரி, தை மாசத்துல லோன் இல்ல. சம்பள ஒப்பீட்ட நான் இங்கதான் வைப்பேன். ரூபாக் கடன ரூபா சம்பளத்துல அடைக்கறது எட்டு வருஷ வேலை, டாலர் சம்பளத்துல ஒம்பது மாச வேலை. லோன் முடிஞ்ச அப்புறம் சென்னைல அந்த 1.4 லட்சம், சொந்த வீட்டுல இருந்துட்டு, ரொம்ப நல்ல சம்பளம். லோனோட வந்தா அதே 1.4 லட்சம் ஒரு பயத்தோட வாழற சம்பளம், ஏன்னா நடுவுல வேலை போனா பேங்க் பாக்கறது அப்பா இருக்கற வீட்ட.

கட்டும்போது சில விஷயம் கவனிங்க. கைல இருக்கற 11,000 டாலரத் தொடாதீங்க. ஓபிடி காலம் முழுக்க சேத்து, ஸ்டெம் நீட்டிப்பு உட்பட, 150 நாள்தான் வேலை இல்லாம இருக்கலாம், மொத வருஷத்துல எத்தன நாள் போச்சோ அதுவும் அந்த 150லயே சேந்தது. லேஆஃப் வந்தா வேற வேலை தேடறதுக்கும், அவசரமா டிக்கெட் போட்டு வர்றதுக்கும் அந்தப் பணம் வேணும். ஃப்ளோட்டிங் வட்டி லோன்ல தனிநபர்கிட்ட முன்கூட்டிக் கட்டினதுக்கு அபராதம் வாங்கக்கூடாதுன்றது ரிசர்வ் பேங்க் விதி, உங்களுது ஃப்ளோட்டிங்கான்னு சாங்ஷன் லெட்டர்ல பாத்துக்கங்க. கூடுதலாக் கட்டற பணம் அசல்ல கழியுதா, இல்ல அடுத்த ஈஎம்ஐக்கு முன்பணமா நிக்குதான்னு மாசாமாசம் ஸ்டேட்மெண்ட்ல பாருங்க, ரெண்டாவது மாதிரி நின்னா வட்டி குறையாது, பிராஞ்சுக்கு மெயில் போட்டு மாத்தச் சொல்லணும்.

லோன் முடிஞ்ச அன்னிக்கே வேலை முடிஞ்சிடல. முழுசாக் கட்டின 30 நாளுக்குள்ள மூலப் பத்திரத்தத் திருப்பித் தரணும், பேங்கால தாமதம் ஆனா நாளொன்னுக்கு 5,000 ரூபா தரணும்னு ரிசர்வ் பேங்க் 2023 டிசம்பர்லருந்து விதி வச்சிருக்கு. பத்திரம் மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க. நம்ம ஊர்ல பத்திரத்த அடமானம் வைக்கும்போது சார்பதிவாளர் ஆபிஸ்ல எம்ஓடின்னு பதிவு பண்ணியிருப்பாங்க, அத ரத்து பண்ணி ரசீது பதிவு பண்ணாதான் வில்லங்கச் சான்றிதழ்ல அடமானம் தீந்ததாக் காட்டும். இதுக்காக அப்பா அலையற மாதிரி இருந்தா, நீங்க லீவுல வர்ற நேரத்தோட சேத்து வச்சுக்கங்க. இத விட்டுட்டா பத்திரம் பெட்டில இருக்கும், ஈசில அடமானம் அப்படியே நிக்கும், பத்து வருஷம் கழிச்சு வித்தாதான் தெரிய வரும், எங்க மாமா வீட்டுல அப்படித்தான் ஆச்சு.

அடுத்தது லாட்டரி. உங்களுக்கு இன்னும் ஒரு மார்ச் இருக்கு, 2027. அது முன்ன மாதிரி எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு உள்ள குலுக்கல் இல்ல, இந்த வருஷத்துலருந்து சம்பள லெவல் பாத்து எடை குடுக்கறாங்க. லெவல் 1ல இருக்கறவங்க பேரு ஒரு தடவை, லெவல் 4ல இருக்கறவங்க பேரு நாலு தடவை உள்ள போகுது. உங்க லெவல் என்னன்றது உங்க வேலைக் குறியீடு, நீங்க வேலை பாக்கற ஏரியா, சம்பளம் மூணயும் வச்சு வரும், flag.dol.gov போய் நீங்களே பாக்கலாம், கம்பெனி வக்கீல்கிட்டயும் கேளுங்க, எந்தக் குறியீட்டுல போட்டாங்கன்னு. அடுத்த லெவலோட எல்லைக்கு ரெண்டு மூவாயிரம் டாலர்தான் குறையுதுன்னா, இந்த வருஷ அப்ரைசல்ல கேக்க வேண்டியது அதுதான். மேனேஜர்கிட்ட "எனக்கு ஹைக் வேணும்"னு பொதுவாக் கேக்கறத விட, இந்தத் தொகை வந்தா என் பேரு இத்தன தடவை உள்ள போகும்னு சொன்னா அவருக்கும் ஹெச்ஆர்கிட்ட பேச ஒரு காரணம் கிடைக்கும். கன்சல்டன்சி நாலு இடத்துலருந்து போடறோம்னு யாராவது வந்தா போகாதீங்க, 2024லருந்து ஆளுக்கு ஒரு வாய்ப்புன்னு பாஸ்போர்ட்ட வச்சுத்தான் எடுக்கறாங்க, எத்தன கம்பெனி போட்டாலும் வாய்ப்பு கூடாது.

2025 செப்டம்பர்ல வந்த ஒரு லட்சம் டாலர் கட்டண அறிவிப்ப நினைச்சு நீங்க பயந்திருப்பீங்க. அது நாட்டுக்கு வெளிய இருக்கறவங்களுக்குப் புதுசாப் போடற மனுவுக்கு. அங்கயே எஃப்1ல இருந்துக்கிட்டு எச்1பிக்கு ஸ்டேட்டஸ் மாத்தறவங்களுக்கு அது இல்லன்னு அக்டோபர்ல குடியேற்றத் துறையே விளக்கம் குடுத்துட்டாங்க. அறிவிப்ப ஒரு வருஷத்துக்குன்னு போட்டிருக்காங்க, 2027ல அது நீடிக்குதா மாறுதான்னு அப்ப வக்கீல்கிட்ட கேட்டுக்கங்க. ஆனா இதுலருந்து இப்பவே தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, நிறைய பேர் இதுலதான் மாட்டறாங்க. ஸ்டேட்டஸ் மாத்தற மனு நிலுவைல இருக்கும்போது நீங்க நாட்ட விட்டு வெளிய போனா அந்த மாத்தம் கைவிட்டதா ஆயிரும். அப்புறம் நீங்க வெளிய இருந்து உள்ள வர்ற ஆளு, கட்டணம் உங்க மேல வந்து விழ வாய்ப்பு இருக்கு. கம்பெனி ஒரு லட்சம் டாலர் கட்டுமா? பெரும்பாலும் கட்டாது.

இதயும் அப்பாவயும் பக்கத்துல வச்சுப் பாருங்க. 2027 மார்ச்ல பேரு வந்துட்டா ஏப்ரல்ல மனு போடுவாங்க, அதுலருந்து அக்டோபர் 1 வரைக்கும் நீங்க சென்னை வராம இருக்கறதுதான் பாதுகாப்பு. அதுக்கப்புறம் வந்தாலும் ஜெமினி பக்கத்துல இருக்கற கான்சலேட்ல எச்1பி ஸ்டாம்பிங் முடிச்சாத்தான் திரும்பப் போக முடியும், அந்த அப்பாயின்மெண்ட் நம்ம அவசரத்துக்குக் கிடைக்காது. ஆறு ஏழு மாசம், அப்பாவுக்கு என்ன ஆனாலும் "வரலாமா, வந்தா திரும்ப முடியுமா"ன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கற காலம் அது. அந்த நேரத்துல என்ன பண்ணுவோம்னு நீங்களும் அம்மாவும் முன்னாடியே பேசி வைக்கணும். அதனால இந்த வருஷமே ஒரு மூணு வாரம் வந்துட்டுப் போயிடுங்க. 2022ல அடிச்ச எஃப்1 ஸ்டாம்ப் அஞ்சு வருஷத்துக்குன்னா 2027 நடுவுல வரைக்கும் செல்லும், ஸ்டாம்பிங் போக வேண்டியதில்ல. ஓபிடில இருக்கும்போது ஐ-20ல காலேஜ் டிராவல் கையெழுத்து ஆறு மாசத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும், வேலை அனுமதிக்கான ஈஏடி கார்டு, வேலைல இருக்கேன்றதுக்கு கம்பெனி லெட்டர் ரெண்டயும் கைப்பைல வச்சுக்கங்க, செக்-இன் பெட்டில இல்ல.

அந்த மூணு வாரத்துல எதப் பாக்கணும்னு சொல்றேன், ஏன்னா இது நான் பட்டது. 2018ல எங்க அப்பா நங்கநல்லூர் வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்புல அடி, பக்கத்து வீட்டு அண்ணன்தான் ஆட்டோ வச்சுத் தூக்கிட்டுப் போயிருக்கார், எனக்கு மூணு வாரம் கழிச்சு சித்தி வாய் தவறிச் சொல்லித்தான் தெரியும். நான் தெனமும் வீடியோ கால்ல பேசிக்கிட்டேதான் இருந்தேன், அம்மா ஃபோன அப்பா முகத்துக்கு மட்டும் காட்டியிருக்காங்க. "அப்பா நல்லா இருக்கார்"னு ஃபோன்ல வர்றது உண்மையான தகவல் இல்ல தம்பி, புள்ள கவலப்படக்கூடாதேன்னு சொல்றது. நேர்ல வந்து ஃபைலத் திறந்து பாருங்க. பைபாஸ் ஆன அப்புறம் எடுத்த எக்கோ ரிப்போர்ட்ல இதயம் எவ்வளவு ரத்தத்தத் தள்ளுதுன்ற ஈஎஃப் சதவீதம் என்னன்னு போட்டிருக்கும், டிஸ்சார்ஜ் அப்ப இருந்ததுக்கும் இப்ப இருக்கறதுக்கும் ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு பாருங்க, கார்டியாலஜிஸ்ட் ரிவ்யூவுக்கு நீங்களே கூட்டிட்டுப் போய், அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல என்ன எதிர்பாக்கணும்னு அவர்கிட்டயே கேளுங்க. மாத்திரைய யார் எடுத்து வைக்கறாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னா யார் கதவத் தட்டுவாங்க, அம்மாவால தனியா 108க்கு ஃபோன் பண்ணி வழி சொல்ல முடியுமா, இதப் பாருங்க. ஈஎஃப் நல்லா இருந்து, அப்பா தானா வாக்கிங் போய்ட்டு வந்து, அவசரத்துக்கு வர்ற மாதிரி ஒரு சொந்தம் பத்து நிமிஷத்துல இருந்தா, 2027 வரைக்கும் இருக்கறதுல தப்பே இல்ல. அப்படி இல்லாம அம்மா முகத்துல தூக்கம் கெட்டது தெரிஞ்சா, நான் மேல போட்ட லோன் கணக்கெல்லாம் ஓரமா வச்சுட்டு ரெண்டு மாசத்துல மாத்தல் வாங்கிட்டு வாங்க. 13 லட்சம் வட்டி போகும், போகட்டும்.

இன்சூரன்ஸும் இதோட சேந்தது. இப்ப தனியா சீனியர் சிட்டிசன் பாலிசி எடுத்தா ஏற்கனவே இருக்கற நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூணு வருஷம் வரைக்கும் வைக்கலாம்னு 2024 விதி, இதய சிகிச்சை ஆனவருக்குப் பாலிசி குடுக்கறதே யோசிச்சுத்தான் குடுப்பாங்க. ஆனா கம்பெனி குரூப் பாலிசில அப்பா அம்மாவச் சேக்க விட்டா, பெரும்பாலும் பழைய நோயும் மொத நாள்லருந்தே கவர் ஆகும். உங்க சென்னை ஆஃபர்ல பேரண்ட்ஸ் கவர் இருக்கா, எத்தன லட்சம், பிரீமியம் யாரு, பழைய நோய்க்கு வெயிட்டிங் உண்டா, கோ-பே எத்தன சதவீதம், இத மெயில்ல எழுதிக் கேளுங்க. 24 லட்சத்த 25 ஆக்கறத விட இது உங்க வீட்டுக்குப் பெருசு. எங்க அப்பாவுக்கு 2021ல ஸ்டென்ட் வச்சப்ப என் ஆபிஸ் பாலிசிதான் பில்லத் தாங்குச்சு.

கேரியர் பத்தி. அமெரிக்காவுல இருந்தாத்தான் வளர்ச்சின்னு இப்ப நான் சொல்ல மாட்டேன். நான் வந்தப்ப இங்க இருந்த டீமுங்க பெரும்பாலும் அங்க முடிவு பண்ணத இங்க செஞ்சு குடுக்கறவங்க. இப்ப தரமணி, பெருங்குடி, மணப்பாக்கம் பக்கம் இருக்கற நிறைய ஆபிஸ்ல ஒரு ப்ராடக்டோட முழுப் பொறுப்பும் இங்கயே இருக்கு. ஆனா எல்லா டீமும் அப்படி இல்ல, உங்களுக்குத் தர்ற டீம் எதுன்னு தெரியணும். கண்டுபிடிக்கறது சுலபம். ரோட்மேப்ப யாரு எழுதறாங்க, அந்த ஆளு எந்த ஊர்ல உக்காந்திருக்கார், சென்னைல அந்த டீம்ல ஸ்டாஃப் லெவல்ல எத்தன பேர், போன வருஷம் அந்த லெவலுக்கு இங்கருந்து யாராவது ஏறினாங்களா, இத ரெக்ரூட்டர்கிட்ட இல்ல, அந்த டீம்ல இருக்கற ரெண்டு பேர்கிட்ட கேளுங்க. சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல அமெரிக்கா கால் தெனமும் இருக்குன்னா முடிவு அங்க எடுக்கறாங்கன்னு அர்த்தம். அப்பாவுக்காக ஊருக்கு வந்துட்டு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கால்ல உக்காந்தா வந்ததுக்கு என்ன பலன்.

உங்க கம்பெனியோட சென்னை ஆபிஸ்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் உங்ககிட்ட இருக்கற பெரிய பலம். அதே கம்பெனியோட வெளிநாட்டு ஆபிஸ்ல முழுசா ஒரு வருஷம் வேலை பாத்தவங்கள எல்1 விசால திரும்ப அமெரிக்கா கூப்பிடலாம். லாட்டரி கிடையாது, எண்ணிக்கை உச்சவரம்பு கிடையாது, அந்த ஒரு லட்சம் டாலர் அறிவிப்பும் எச்1பிக்குத்தான். நீங்க 2027 ஜூலைல சென்னைல சேந்தா 2028 ஜூலைக்கு மேல கம்பெனி நினைச்சா போடலாம். மேனேஜரானா எல்1ஏ, ஏழு வருஷம் வரைக்கும், கம்பெனிக்குள்ள மட்டுமே இருக்கற சிறப்பு அறிவுக்கு எல்1பி, அஞ்சு வருஷம் வரைக்கும். இந்த எல்1பி சும்மா கிடைக்காது, சாதாரண ஜாவா வேலைக்கு நிராகரிச்சிருவாங்க, உங்க கம்பெனியோட சொந்த சிஸ்டம் எதாவது ஒண்ணுல ஆழமா இருக்கறது அதுக்கு உதவும். வேற கம்பெனில 28 லட்சம் குடுத்தாலும், இந்தக் கதவு மூடிடும்னு தெரிஞ்சுதான் போகணும். அதனால உங்க நிலமைல 24ஐயும் 28ஐயும் வெறும் தொகையா ஒப்பிடாதீங்க. மாத்தல்ல வரும்போது அங்க சேந்த தேதியே சர்வீஸ் தேதியா இங்கயும் தொடருமான்னு கேளுங்க, லெவல் அப்படியே வருதான்னும். லெவல ஒண்ணு இறக்கிட்டாங்கன்னா அத ஏத்த ரெண்டு வருஷம் போயிடும்.

ஓபிடி முடியறப்ப பதட்டத்துல ரெண்டாவது மாஸ்டர்ஸ்னு சேந்து மொத நாள்லருந்தே சிபிடின்ற, படிக்கும்போதே வேலை பாக்க விடற அனுமதில வேலை பாக்கற வழிய யாராவது காட்டுவாங்க. நான் வேணாம்னு சொல்வேன். பல ஆயிரம் டாலர் ஃபீஸ், அதுக்கு மேல பின்னாடி எச்1பி மனு போடும்போது ஸ்டேட்டஸ ஒழுங்கா வச்சிருந்தியான்னு கேள்வி வரும், வகுப்புக்கு நேர்ல போனதுக்கு ஆதாரம் கேப்பாங்க. லாட்டரி வந்தாலும் கிரீன் கார்டு வரிசை எப்படின்னு பாருங்க, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்னு வரம்பு இருக்கறதால இந்தியர்களுக்கு ஈபி2 பிரிவுல 2013, 2014 வாக்கில வரிசைல நின்னவங்களே இப்பதான் நகர்றாங்க. நீங்க இப்ப நின்னா அப்பாவோட 66 வயசு எங்க போய் நிக்கும்னு நீங்களே கூட்டிப் பாருங்க. எச்1பி வந்தா அத வேணாம்னு சொல்லல, வந்தா எடுத்துக்கங்க, ஒரு தடவை அந்த எண்ணிக்கைல சேந்துட்டா ஆறு வருஷத்துல பயன்படுத்தாத மிச்சத்துக்குத் திரும்ப லாட்டரி தேவப்படாது, அது ஒரு பிடிமானம். ஆனா கிரீன் கார்டு வரைக்கும் போய்ட்டுத்தான் திரும்பறதுன்னு வச்சுக்காதீங்க.

வரில ஒரே ஒரு விஷயம். ஊருக்குத் திரும்பறவங்களுக்கு ரெண்டு மூணு வருஷம் வெளிநாட்டு வருமானத்துக்கு வரி இல்லன்னு ஒரு பேச்சு உண்டு, ஆர்என்ஓஆர்னு சொல்வாங்க. உங்களுக்கு அது வராது. முந்தின ஏழு வருஷத்துல இந்தியால 729 நாளுக்கு மேல இருந்திருக்கக்கூடாது, இல்ல பத்துல ஒம்பது வருஷம் வெளிநாட்டுக்காரரா இருந்திருக்கணும். நீங்க 2022 ஆகஸ்ட்லதான் போனீங்க, அதுக்கு முன்னாடி ரெண்டு முழு வருஷமும் ஒரு நாலு மாசமும் எண்ணினாலே 800 தாண்டுது. அதனால 2027 ஜூலைல வந்தா அந்த வருஷத்துலருந்தே முழு ரெசிடெண்ட், அங்க விட்டுட்டு வர்ற 401கே ஓய்வுகாலச் சேமிப்பு, பங்கு அக்கவுண்ட், பேங்க் அக்கவுண்ட் எல்லாத்தயும் ரிட்டர்ன்ல வெளிநாட்டுச் சொத்து அட்டவணைல காட்டணும். காட்டாம விட்டா கருப்புப் பண சட்டத்துல 10 லட்சம் அபராதம் வரைக்கும் போகும், மொத்தம் 20 லட்சத்துக்குக் கீழ இருந்தா இப்ப தளர்வு இருக்கு, ஆனாலும் காட்டிடுங்க. 401கேய அவசரப்பட்டு உடைக்காதீங்க, வயசு 59½க்கு முன்னாடி எடுத்தா வரிக்கு மேல 10 சதவீதம் பிடிப்பாங்க. அப்படியே விட்டு வைக்கலாம். என்ஆர்இ அக்கவுண்ட ரெசிடெண்ட் அக்கவுண்டா மாத்தணும், வந்த மாசமே பிராஞ்சுல சொல்லிடுங்க.

உங்க இடத்துல நானா இருந்தா இப்படிப் பண்ணுவேன். மே மாசம் ஆரம்பிச்சு மாசம் 3.3 லட்சம் லோனுக்கு. ஆகஸ்ட் செப்டம்பர்ல மூணு வாரம் ஆதம்பாக்கம், அப்பாவோட ஃபைல், கார்டியாலஜிஸ்ட், சென்னை ஆபிஸுக்கும் ஒரு நாள் நேர்ல போய் அந்த டீமோட சாப்பாடு. டிக்கெட்டுக்கும் செலவுக்கும் ஒரு மாசத்து லோன் பணம் போயிரும், ஜனவரிலருந்து அந்த 7.65 பிடித்தமும் இருந்தா லோன் ஜனவரிக்குப் பதிலா மார்ச்ல முடியும். வருஷக் கடைசிக்குள்ள மாத்தல் விதிமுறைய எழுத்துல வாங்கி வைக்கறது. மார்ச் 2027ல லாட்டரி. வரலன்னா ஏப்ரல் மே ஜூன் மூணு மாசம் மிஞ்சறது முழுக்கக் கைக்காசு, அந்தப் பிடித்தம் போக 8.4 லட்சம் கிட்ட, ஓபிடி முடிஞ்ச அப்புறம் கிளம்ப 60 நாள் டைம் இருக்கு, கார வித்து, டெபாசிட் வாங்கி, ஆடி முடியறதுக்குள்ள வீட்டுல இருப்பீங்க.

இன்னிக்கு ராத்திரியே பண்ண வேண்டியது ரெண்டு. சாங்ஷன் லெட்டர எடுத்து வட்டி ஃப்ளோட்டிங்கான்னு பாருங்க. அப்புறம் அம்மாகிட்ட சொல்லி அப்பாவோட கடைசி எக்கோ ரிப்போர்ட்ட ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, தேதி தெரியற மாதிரி. ரிப்போர்ட்டே ஆறு மாசத்துக்கு முந்தினதா இருந்தா டிக்கெட்ட ஆகஸ்ட் வரைக்கும் தள்ளாதீங்க, ஜூன்லயே போடுங்க.